பழைய காரின் அடியில் தெரியும் ஈரம்: ஒழுகல் எங்கே தொடங்குகிறது?

"டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒருவரிடம் 2015 மாடல் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன் ஐயா. ஆயில், கூலன்ட், கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகுகிறதா என்று போனட்டுக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் பார்த்து நானே எப்படிக் கண்டுபிடிப்பது? கொஞ்சம் கசிவு இருந்தால் வாங்கலாமா, விட்டுவிட வேண்டுமா?"

எஞ்சினிலிருந்து வெளியேறும் எந்தத் திரவமும் முதலில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஈரம் தெரியும் பகுதிகளுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அங்கேதான் ஒழுகல் தொடங்குகிறது. ஒரே இடத்தில் ஒரே அளவு சொட்டும் இரண்டு கார்களில், ஒன்றுக்கு மேல்மூடியின் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றினால் போதும். மற்றொன்றுக்குக் கியர்பாக்ஸையே கழற்றி இறக்க வேண்டியிருக்கும். வாங்குவதா, விடுவதா என்ற உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

விற்பவரிடம் முந்தைய நாளே பேசி, வண்டியை இரவு முழுவதும் வழக்கமான இடத்திலேயே நிறுத்தி வைக்கும்படியும், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல டார்ச், கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி, வெள்ளைக் காகிதத் துண்டுகள், ஒரு பெரிய அட்டை ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். கை நுழையாத இடங்களைக் கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு வீடியோ எடுத்தும் பார்க்கலாம். வண்டியை ஜாக்கில் மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு ஒருபோதும் அடியில் தலையை நுழைக்காதீர்கள். பக்கத்தில் உள்ள டயர் கடையிலோ எக்ஸாஸ்ட் கடையிலோ கேட்டுக்கொண்டு லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதே பாதுகாப்பானது. பார்வையும் முழுமையாகக் கிடைக்கும். அதற்கு விற்பவர் எந்த வகையிலும் சம்மதிக்கவில்லை என்றால், அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

போனட்டைத் திறந்தவுடன் ஈரத்தைத் தேடுவதற்கு முன், தூசி எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள். பத்து ஆண்டு ஓடிய எஞ்சினின் மேல் சீரான, உலர்ந்த தூசி படிந்திருப்பது நல்ல அடையாளம். அந்தத் தூசி ஓரிடத்தில் மட்டும் கறுத்துப் பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால், அங்கே நெடுநாளாக எண்ணெய் கசிகிறது. எஞ்சின் புதிதாகக் கழுவப்பட்டுப் பளபளத்தால் அது குற்றமில்லை. விற்பனைக்கு முன் பலரும் கழுவுகிறார்கள். ஆனால் கழுவுபவருக்கு மேற்பகுதிதான் எட்டும். எஞ்சினுக்குக் கீழே பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் தட்டின் உட்புறமும், குறுக்குச் சட்டத்தின் மேல்பக்கமும், கியர்பாக்ஸின் பின்புறமும் அவருக்கு எட்டாது. அந்தத் தட்டில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று அதன் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். முடிந்தால் தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பல மாதம் சொட்டிய எண்ணெயைத் தட்டு பிடித்து வைத்துக்கொண்டு தரையைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பதால், விற்பவர் காட்டும் சுத்தமான கான்கிரீட் தரையை மட்டும் ஆதாரமாகக் கொள்ள முடியாது.

அடுத்து, அந்த ஈரம் என்ன திரவம் என்று அறிய வேண்டும். வெள்ளைக் காகிதத்தால் தொட்டு, வெயிலில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஆயில் பழுப்பிலிருந்து கறுப்பு வரை இருக்கும். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் மஞ்சள் கலந்த பழுப்பாக, சற்றுக் கெட்டியாக இருக்கும். அதில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்களால் முகர்ந்தவுடன் மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு நெடி வரும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவம் பெரும்பாலும் சிவப்பு, பழையதானால் பழுப்பாகும், சில வகைகளில் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கூலன்ட் பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என எந்த நிறத்திலும் வரலாம்; எண்ணெயைப் போல் ஒட்டாது, இலேசாக வழுக்கும், இனிப்பான மணம் இருக்கும். அது நச்சுப் பொருள்; நாவில் வைத்துப் பார்க்காதீர்கள்.

டர்பனின் புழுக்கத்தில் ஏசி போட்டு ஓட்டிய கார் நிறுத்தியவுடன் அடியில் தண்ணீர் சொட்டும். நிறமும் மணமும் இல்லாமல், காகிதத்தில் காய்ந்தபின் எந்தத் தடமும் விடாமல் போனால் அது ஏசி நீர்தான், கவலை வேண்டாம். கடற்கரைப் பகுதி வண்டிகளில் இன்னொரு மயக்கமும் உண்டு. உப்புக் காற்றில் அலுமினியப் பாகங்களின் மேல் வெள்ளைத் தூள் பூத்திருக்கும்; காய்ந்த கூலன்டும் வெளிறிய படிவமாகத்தான் தெரியும். உப்பரிப்பு பாகத்தின் முகம் முழுவதும் பரவலாக இருக்கும். கூலன்ட் படிவம் ஒரு இணைப்பிலோ துளையிலோ தொடங்கி, கீழ்நோக்கி ஒரு கோடாக இறங்கும். சுரண்டிப் பார்த்தால் அடியில் பச்சையோ இளஞ்சிவப்போ தெரியும்.

இனி ஒரு காரை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். என் தங்கை மகனுக்காக நாங்கள் பார்த்த, முன்சக்கரங்கள் இயங்கும் 1.4 லிட்டர் பெட்ரோல் மேனுவல் கார் அது. லிஃப்டில் ஏற்றியதும், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடமான பெல் ஹவுசிங்கின் அடிவிளிம்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சொட்டைப் பார்த்ததும் எவருக்கும் முதலில் தோன்றுவது, கிராங்க் தண்டின் பின்பக்க சீல் போய்விட்டது என்பதுதான். அந்த சீல் விலை குறைவு. ஆனால் அதை எட்டுவதற்குக் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் ஃபிளைவீலையும் கழற்ற வேண்டும். கூலியே பெருந்தொகையாகிவிடும்.

ஆனால் அந்த ஒரு சொட்டுக்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, மேலே சொன்ன பின் சீல். இதில் எஞ்சின் ஆயில் வரும். இரண்டாவது, கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு சீல். இதில் நெடியடிக்கும் கியர் ஆயில் வரும். மூன்றாவது, கிளட்சை அழுத்தும் ஹைட்ராலிக் சிலிண்டர் பெல் ஹவுசிங்கின் உள்ளேயே அமைந்த வண்டிகளில் அது கசிவது. அப்போது வருவது ஏறக்குறைய நிறமற்ற, தண்ணீர் போன்ற பிரேக் திரவம். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே தொட்டி என்பதால் பிரேக் தொட்டியின் மட்டம் குறைந்திருக்கும். கிளட்ச் மிதியும் தொய்வாக இருக்கும். இந்த மூன்றிலும் திரவம் பெல் ஹவுசிங்கின் உள்ளிருந்து, அடியில் உள்ள சிறு துளை வழியாகவோ இணைப்பு இடுக்கு வழியாகவோ வெளிவரும். வெளிச்சுவரின் மேற்பகுதி உலர்ந்திருக்கும். நான்காவது காரணத்தில், எஞ்சினின் தலையில் உள்ள வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து கசியும் ஆயில் எஞ்சினின் பின்சுவர் வழியே இறங்கி, பெல் ஹவுசிங்கின் வெளிப்புறத்தைச் சுற்றி வந்து அதே அடிவிளிம்பில் சொட்டும்.

எனவே காகிதத்தில் தொட்டுப் பார்த்தோம். கறுப்பு, கந்தக நெடி இல்லை. எஞ்சின் ஆயில் என்பது உறுதியானது. காரணம் ஒன்றா நான்கா என்பதுதான் மீதி. கண்ணாடியைப் பெல் ஹவுசிங்கின் மேற்பக்கத்தில் நீட்டி டார்ச் அடித்தபோது, வெளிச்சுவரில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்த தடம் மேல்நோக்கிச் சென்றது. வண்டியை இறக்கி, போனட்டைத் திறந்து, எஞ்சினின் பின்பக்கம், கேபினை ஒட்டிய ஓரத்தில், வால்வு கவரின் மூலை போல்ட்டுக்குக் கீழே விரலை வைத்தோம், விரல் நனைந்தது. அதற்கு மேலே கவரின் முகம் உலர்ந்த தூசியோடு இருந்தது. அதாவது ஈரத்தின் உச்சி அந்தக் கேஸ்கெட் விளிம்புதான்.

விற்பவர், "போன வாரம் ஆயில் மாற்றும்போது சிந்தியது" என்றார். அப்படிச் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று உடனே கருதத் தேவையில்லை, சிந்துவது உண்டு. ஆனால் சிந்திய ஆயில் ஊற்றும் வாயைச் சுற்றியும் ஃபில்டரின் அடியிலும்தான் இருக்கும்; புதிதாக, தேன் நிறத்தில், தூசி ஒட்டாமல் இருக்கும். இதைச் சோதிக்கும் வழி எளிது. அந்த இடத்தையும் தடம் முழுவதையும் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டு, வண்டியை அரை மணி நேரம் ஓட்டுங்கள். சமதளத்தில் மெல்ல உருட்டினால் போதாது. எஞ்சின் முழு வெப்பத்துக்கு வந்து சுமையை இழுக்க வேண்டும். நாங்கள் பைன்டவுன் சென்று ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறித் திரும்பினோம். சூடான ஆயில் நீர்த்திருக்கும். குளிர்ந்திருந்தபோது கசியாத விளிம்பும் அப்போது கசியும். திரும்பியதும் அட்டையை எஞ்சினுக்கு அடியில் விரித்து, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருந்தோம். அட்டையில் எதுவும் விழவில்லை. ஆனால் துடைத்த கேஸ்கெட் விளிம்பில் மெல்லிய ஈரக்கோடு மீண்டும் வந்திருந்தது. சிந்தியதாக இருந்தால் மீண்டும் வந்திருக்காது. பெல் ஹவுசிங்கின் அடித்துளை உலர்ந்தே இருந்ததால், பின் சீல் மீதிருந்த சந்தேகம் பெரிதும் குறைந்தது. ஆயினும், மேலிருந்து வழியும் கசிவு இருக்கும்வரை அதன் பின்னால் இன்னொரு சிறு கசிவு மறைந்திருக்கலாம் என்பதால், கேஸ்கெட்டை மாற்றிச் சில நாள் ஓட்டிய பிறகுதான் முழு உறுதி கிடைக்கும். அந்த ஐயத்தையும் சேர்த்துத்தான் விலை பேசினோம்.

பல இடங்களில் ஒரே நேரத்தில் ஆயில் கசிந்தால் ஒவ்வொரு சீலையும் குறை சொல்வதற்கு முன், எஞ்சினின் உள்ளழுத்தத்தைப் பாருங்கள். எஞ்சின் மெல்ல ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயின் மேல் வையுங்கள். இலேசாக உள்ளே இழுத்தாலோ சற்றே அதிர்ந்தாலோ இயல்பு. மூடி துள்ளி, புகையோடு காற்று வெளியே தள்ளினால், காற்றுப்போக்கி வால்வு அடைத்திருக்கலாம். அது மலிவான வேலை. அல்லது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். அது எஞ்சினையே பிரிக்கும் வேலை. இந்த இரண்டில் எது என்பதைக் கம்ப்ரெஷன் சோதனைதான் சொல்லும். சந்தேகம் வந்தால் அதைச் செய்யாமல் வாங்காதீர்கள்.

கூலன்ட் ஒழுகல் வேறு குணம் கொண்டது. எஞ்சின் சூட்டில் சிறு கசிவு விழுவதற்குள் ஆவியாகிவிடும் என்பதால் தரையில் சொட்டே இல்லாமல் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொட்டியின் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். மட்டத்தைவிட முக்கியமானது தொட்டியில் இருப்பதன் நிறம். வெறும் தண்ணீராகவோ துருப்பிடித்த பழுப்பாகவோ இருந்தால், யாரோ குறையக் குறையக் குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். சிறு பளபளப்புத் துகள்கள் மிதந்தால், ஒழுகலை அடைக்கும் மருந்தை ஊற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் சரியானதே. அது கேபின் ஹீட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

ரேடியேட்டரில் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் மடித்துச் சேர்த்திருக்கும் விளிம்பு, ஹோஸ் கிளிப்புகள், தெர்மோஸ்டாட் வீடு ஆகியவற்றில் படிவத்தைத் தேடுங்கள். இவற்றைவிட நான் அதிக நேரம் பார்ப்பது வாட்டர் பம்பைத்தான். பம்பின் உடலில் கப்பிக்குப் பின்னால் ஒரு சிறு துளை இருக்கும். உள் சீல் தேயும்போது கூலன்ட் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறுவதற்காகவே அந்தத் துளை வைக்கப்பட்டுள்ளது. அதைச் சுற்றிச் சிறிதளவு கறை பழைய பம்புகளில் இயல்பு. அதிலிருந்து கீழே நிறக்கோடு இறங்கியிருந்தாலோ, பக்கத்து பாகங்களில் வட்டமாகத் தெறித்திருந்தாலோ பம்ப் முடிவுக்கு வந்துவிட்டது. பம்பை டைமிங் பெல்ட்டே சுழற்றும் வண்டிகளில் இந்தத் துளை உறைக்குள் மறைந்திருக்கும்; உறையின் அடிமூலையில் படிவம் தெரிந்தால் அதுதான் ஒரே சாட்சி. அப்படிப்பட்ட வண்டியில் பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து, பல எஞ்சின்களில் வால்வுகளும் வளைந்துவிடும் என்பதால், இந்தக் கசிவை நான் சிறிதென்று எடுத்துக்கொள்வதே இல்லை.

கேபினுக்குள் இனிப்பு மணம் வந்து, முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான மூட்டம் படிந்து, கால்மிதிக்குக் கீழ்க் கம்பளம் ஈரமாக இருந்தால் ஹீட்டரின் உட்கூடு ஒழுகுகிறது. வெளியே எங்கும் தடமே இல்லாமல் கூலன்ட் குறைந்தால், அது எஞ்சினுக்குள் போகிறதா என்று கவனிக்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் எக்ஸாஸ்டில் அடர்ந்த வெண்புகை நிற்காமல் வருவதும், ஆயில் அளவுகோலில் பால் கலந்த காப்பி நிறம் தெரிவதும், எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருப்பதன் வலுவான அடையாளங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்படலம் இருந்தால், குறுந்தூரமே ஓடிய வண்டியில் ஈரப்பதம் குளிர்ந்து படிந்ததாக இருக்கலாம். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் வந்த கார்களில் இது சாதாரணம்.

கியர்பாக்ஸில் முதலில் பார்க்க வேண்டியது, சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகள் அதிலிருந்து வெளிவரும் இரண்டு இடங்கள். அங்குள்ள சீல் கசிந்தால், சுழலும் தண்டு எண்ணெயை வட்டமாக வீசியடிக்கும். சுற்றியுள்ள பாகங்களில் நேர்க்கோட்டில் தெறித்த கறை தெரியும். தண்டு மூட்டின் ரப்பர் உறை கிழிந்தாலும் இப்படித்தான் தெறிக்கும். ஆனால் அது பசை போன்ற கறுப்பு கிரீஸ், வழியாது. மேனுவல் கியர்பாக்ஸ் பெரும்பாலும் இரண்டு லிட்டர் அளவே பிடிக்கும். அளவு குறைந்தால் எச்சரிக்கை விளக்கும் எரியாது, அளவுகோலும் இருக்காது. எஞ்சினில் அரை லிட்டர் குறைந்தால் அளவுகோல் சொல்லிவிடும். கியர்பாக்ஸில் அதே அரை லிட்டர் குறைந்தால் பேரிங் சத்தம் வரும்வரை எவருக்கும் தெரியாது. ஆகவே கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் தொடர்ந்த ஈரம் இருந்தால், லிஃப்டில் இருக்கும்போதே பக்கவாட்டு நிரப்புத் திருகைத் திறந்து மட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் அடித்தட்டின் விளிம்பையும், ரேடியேட்டருக்குச் செல்லும் குளிர்விப்புக் குழாய்களின் இணைப்புகளையும் பாருங்கள். அந்தக் குளிர்விப்பான் ரேடியேட்டருக்குள்ளேயே அமைந்த மாடல்களில் உட்சுவர் அரித்துப்போனால் கூலன்டும் கியர்பாக்ஸ் திரவமும் கலந்து, தொட்டியில் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் போன்ற குழம்பு தெரியும். அதைக் கண்டால் மேற்கொண்டு எதுவும் பார்க்க வேண்டாம். கியர்பாக்ஸின் உட்தகடுகள் பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டிருக்கும்.

வாங்கலாமா என்பதற்கு என் அளவுகோல் இதுதான். தூசி ஒட்டிய ஈரப்பதம் மட்டும் இருந்து, துடைத்தபின் ஓட்டிப் பார்த்தும் சொட்டு உருவாகாவிட்டால், பத்து வயதுக் காரில் அதை ஏற்கலாம். வால்வு கவர், ஆயிலை வடிக்கும் சம்ப் திருகின் வாஷர், ஆயில் ஃபில்டர், சக்கரங்களுக்குச் செல்லும் தண்டின் சீல் போன்றவற்றில் தொடங்கும் ஒழுகலுக்கு, ஒரு கராஜில் கேட்டு அந்தச் செலவை விலையில் குறைக்கலாம். பெல் ஹவுசிங்கின் உள்ளிருந்து வருவது, ஹெட் கேஸ்கெட் சந்தேகம், கலந்த திரவங்கள் ஆகியவை இருந்தால் விட்டுவிடுங்கள். கிளட்சும் தேய்ந்திருந்து, பின் சீலையும் கிளட்சையும் ஒன்றாக மாற்றும் செலவை விற்பவர் விலையில் முழுதாகக் குறைக்கச் சம்மதித்தால் மட்டும் முதலாவதற்கு விலக்கு தருவேன்.

பெயர் மாற்றத்துக்காக எடுக்கும் ரோட்வொர்த்தி சான்றிதழை இதற்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். அது வண்டி சாலையில் பாதுகாப்பாக ஓடுமா என்று பார்ப்பது. வாட்டர் பம்ப் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதை அது பார்ப்பதில்லை. தனியாரிடம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் பெரும்பாலும் 'ஃபுட்ஸ்டூட்ஸ்', அதாவது உள்ளது உள்ளபடி, என்ற நிபந்தனை இருக்கும். தென்னாப்பிரிக்காவின் 2008 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிகளிடம் வாங்குவோருக்குத் தரும் ஆறு மாத உத்தரவாதம் அங்கே கிடைக்காது. ஆனால் குறையை அறிந்தே மறைத்து ஏமாற்றிய விற்பனையாளரை அந்த நிபந்தனை காப்பாற்றாது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், "எஞ்சின் ஆயிலோ கூலன்டோ இடையில் ஊற்ற வேண்டியிருக்கிறதா? ஒழுகல் எதையாவது பழுது பார்த்தீர்களா, எப்போது?" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி, அன்று எடுத்த படங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.